கடிதத்துக்கு முன்னால் போகும் செய்தி

பணிவிலகல் கடிதம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரப் புத்தகங்களும் மாதிரிப் படிவங்களும் ஏராளமாக இருக்க, அந்தக் கடிதத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவோ ஒரு நாள் முன்னதாகவோ மேலாளரின் கைப்பேசிக்குப் போய்ச் சேரும் நான்கைந்து வரிச் செய்தியைப் பற்றி யாரும் அதிகம் எழுதியதில்லை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோயம்புத்தூரின் சரவணம்பட்டியிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களில், 'பேப்பர் போடுவது' என்று அத்துறையினர் சொல்லும் பணிவிலகல் இப்போது பெரும்பாலும் இந்தச் செய்தியில்தான் தொடங்குகிறது. 'டீம்ஸ்', 'ஸ்லாக்' போன்ற அலுவலக உரையாடல் செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ, தாம் விலக முடிவு செய்திருப்பதையும், நோட்டீஸ் பீரியட் எனப்படும் முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்பதையும், முறையான கடிதம் பின்னால் வருகிறது என்பதையும் ஊழியர் மேலாளருக்குச் சுருக்கமாகத் தெரிவிக்கிறார். மரியாதைக்காகச் செய்யப்படும் இந்தச் சிறு செயலில் தேதி ஒன்றும் நாள் கணக்கு ஒன்றும் இடம்பெறுவதால், அனுப்பியவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், அது ஓர் ஆவணத்தின் தன்மையை அடைந்துவிடுகிறது.

இந்த வழக்கம் நிலைபெற்றதற்குக் காரணம் மரியாதை மட்டுமல்ல, நிறுவனங்களின் மென்பொருள் அமைப்பும்தான். நடுத்தர நிறுவனங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் பணிவிலகலை எச்.ஆர். போர்ட்டல் எனப்படும் மனிதவளத் துறையின் இணையப் பக்கத்தில் பதிவுசெய்ய வேண்டும். அங்கே பொத்தானை அழுத்திய அடுத்த நொடியில் மேலாளருக்கும், பல இடங்களில் அவருக்கு மேலே உள்ளவருக்கும், மனிதவளத் துறைக்கும் ஒரே நேரத்தில் தானியங்கி மின்னஞ்சல் பறக்கிறது. தம் குழுவில் ஒருவர் போகிறார் என்பதைத் தம் மேலதிகாரியோடு சேர்ந்து அறிந்துகொள்ளும் நிலை எந்த மேலாளருக்கும் உவப்பானதல்ல, ஏனெனில் வாடிக்கையாளருக்கு யாரை மாற்றாகக் காட்டுவது, கே.டி. எனப்படும் பணி ஒப்படைப்பை யாரிடம் தொடங்குவது என்ற கேள்விகள் அவரிடம்தான் முதலில் வரும், அப்போது அவர் கையில் பதில் இருக்காது. அந்த ஒரு மணி நேர அவகாசத்தை மேலாளருக்குக் கொடுப்பதே இச்செய்தியின் வேலை. நோட்டீஸ் காலத்தில் விடுப்புக்கும், முன்கூட்டியே விடுவிக்கவும், பின்னாளில் வேறு நிறுவனம் விசாரிக்கும்போது நல்ல வார்த்தை சொல்லவும் அதே மேலாளரைத்தான் நாட வேண்டியிருக்கும் என்பதால், இந்த அவகாசம் கொடுப்பவருக்கும் பயன் தருவதுதான்.

எழுத வேண்டிய நான்கு

நல்ல செய்தி எப்படி இருக்கும் என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்பது எளிது. சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் மூத்த நிலையில் இருக்கும் ஒரு பெண், பணி நியமனக் கடிதத்தின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர், 2026 பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை அன்று விலக முடிவு செய்கிறார் என்று கொள்ளலாம். அவர் புதிய நிறுவனத்தில் ஏப்ரல் 8, புதன்கிழமை சேர வேண்டும். மேலாளருக்கு அவர் அனுப்பத்தக்க செய்தி இவ்வளவுதான்:

"வணக்கம் சார். உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வேலையிலிருந்து விலக முடிவு செய்திருக்கிறேன். முறையான கடிதத்தை இன்று மாலை 5 மணிக்குள் உங்களுக்கும் எச்.ஆருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, போர்ட்டலிலும் பதிவு செய்கிறேன். பணி நியமனக் கடிதப்படி நோட்டீஸ் 60 நாள். இன்று கொடுத்தால் கடைசி வேலைநாள் ஏப்ரல் 7. நேரம் இருக்கும்போது சொல்லுங்கள் சார், கூப்பிட்டுப் பேசுகிறேன்."

இதில் முடிவு, கடிதம் வரும் நேரம், நோட்டீஸ் நாள்களும் அவை எங்கிருந்து வந்தன என்பதும், கடைசி வேலைநாள் ஆகிய நான்கும் இருக்கின்றன. விலகுவதற்கான காரணம் மட்டும் இல்லை. காரணம் விடுபட்டது மறதியால் அன்று, வேண்டுமென்றேதான். காரணம் எழுதப்பட்டால் அதற்குப் பதில் எழுதப்படும். சம்பளம் போதவில்லை என்றால் கவுன்டர் ஆஃபர் எனப்படும் எதிர்ச்சலுகையும், இடமாற்றம் வேண்டும் என்றால் இன்னொரு திட்டத்துக்கு மாற்றும் வாக்குறுதியும் எழுந்து, அறிவிப்பாக இருந்த செய்தி பேரமாக மாறிவிடும். அந்தப் பேரத்தில் நாள்கள் கரைய, முறையான கடிதம் தள்ளிப்போகும். ஆகவே காரணத்தைத் தொலைபேசியிலோ நேரிலோ சொல்வதே நல்லது. இத்தகைய செய்திகளில் பெரும்பாலானவை நடைமுறையில் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன, பல அலுவலகங்களில் மேலாளரைப் பெயர் சொல்லியே விளிப்பதும் உண்டு. ஆயினும் எந்த மொழியில் எழுதினாலும் இந்த நான்கும் மாறுவதில்லை.

நான்கில் அதிகமாக விடுபட்டுப்போவது கடைசி வேலைநாள். '60 நாள் நோட்டீஸ்' என்று மட்டும் எழுதிவிட்டுத் தேதியை எழுதாமல் விட்டால், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வியை எழுதியவர் நிறுவனத்தின் கையில் ஒப்படைத்துவிடுகிறார். எண்ணும் முறையில் பொதுவான வழக்கம், அறிவிப்புக் கொடுத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவதாகும். சட்டங்களின் சொற்களுக்கு விளக்கம் தரும் 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டமும் சட்டங்களில் கால அளவைக் குறிக்கும்போது தொடக்க நாளை விலக்கும் முறையையே சொல்கிறது. அந்த முறைப்படி பிப்ரவரி 7 முதல் நாளாகிறது. பிப்ரவரியில் 22 நாள், மார்ச்சில் 31 நாள், ஏப்ரலில் 7 நாள் என்று கூட்டினால் 60 நிறைவது ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. நோட்டீஸ் நாள் என்பது காலண்டர் நாள் என்பதும், சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் அதில் அடங்கும் என்பதும் பெரும்பாலான நிறுவனங்களின் நடைமுறை. ஆனால் நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் சொந்த விடுப்பைக் கணக்கில் சேர்க்காமல் அத்தனை நாள் கூடுதலாக நீட்டிக்கும் நிறுவனங்களும் உள்ளன. நியமனக் கடிதத்தில் '60 நாள்' என்று இல்லாமல் 'இரண்டு மாதம்' என்று இருந்தால் கணக்கு ஒன்றிரண்டு நாள் மாறும், ஏனெனில் மாதம் என்பது காலண்டர் மாதம், பிப்ரவரியோ 28 நாள் கொண்டது. இந்த ஒன்றிரண்டு நாள் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். புதிய நிறுவனம் சேரும் தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்ட பிறகு அது அற்பமல்ல.

வெள்ளி மாலையும் திங்கள் காலையும்

மேலே சொன்ன பெண் அந்தச் செய்தியை வெள்ளிக்கிழமை பிற்பகலில் அனுப்புகிறார், மேலாளரிடமிருந்து அரை மணி நேரத்தில் பதில் வருகிறது: "அவசரப்படாதீங்கம்மா. திங்கட்கிழமை உட்கார்ந்து பேசலாம். அதுவரைக்கும் போர்ட்டல்ல எதுவும் போட வேண்டாம்." இதில் கெட்ட நோக்கம் எதையும் தேட வேண்டியதில்லை, தக்கவைத்துக்கொள்ள முயல்வது மேலாளரின் கடமைகளில் ஒன்று, போர்ட்டலில் பதிவாகிவிட்டால் அந்த முயற்சிக்கு அவருக்கு இடமே இராது. அந்தப் பெண்ணும் மரியாதை கருதிக் கடிதத்தை நிறுத்திவைக்கிறார். திங்கட்கிழமை பேச்சு நடக்கிறது, முடிவு மாறவில்லை, அன்று மாலை, அதாவது பிப்ரவரி 9 அன்று, போர்ட்டலில் பதிவாகிறது. மறுநாள் மனிதவளத் துறையின் மின்னஞ்சலில் கடைசி வேலைநாள் ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பிப்ரவரி 10 முதல் எண்ணினால் பிப்ரவரியில் 19, மார்ச்சில் 31, ஏப்ரலில் 10 என்று அந்தக் கணக்கும் சரிதான். ஆனால் அவர் ஏப்ரல் 8 அன்று வேறு அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

நோட்டீஸ் எந்த நாளில் தொடங்கியது என்பதே இங்கே எழும் கேள்வி. இதற்கு விடை சொல்வது முதலில் நியமனக் கடிதம். பணிவிலகலைப் போர்ட்டல் வழியாக மட்டுமே தர வேண்டும், அங்கே பதிவான நாளிலிருந்தே நோட்டீஸ் எண்ணப்படும் என்று கடிதமோ, அது சுட்டிக்காட்டும் நிறுவனக் கொள்கையோ தெளிவாகச் சொன்னால், வெள்ளிக்கிழமைச் செய்திக்கு மரியாதையைத் தாண்டிய மதிப்பைக் கோருவது கடினம். பழைய நியமனக் கடிதங்கள் பலவற்றில் உள்ளதுபோல், 'எழுத்துமூலம் 60 நாள் முன்னறிவிப்பு' என்று மட்டும் இருந்தால் நிலை வேறு. ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கும் இடத்தில், அது மின்னணு வடிவில் இருந்து, பின்னர் எடுத்துப் பார்க்கும்படி கிடைக்குமானால் போதும் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. ஒப்பந்தத்தில் உள்ள 'எழுத்துமூலம்' என்ற நிபந்தனைக்கும் இதே நோக்கைப் பொருத்தி வாதிட இடமுண்டு. உரையாடல் செயலியில் போன செய்தியும் எழுத்துதான் என்ற வாதத்துக்கு வலுவான அடிப்படை இது.

அடுத்த கேள்வி, அது எப்போது சென்று சேர்ந்தது என்பது. இதற்கு அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு வரிசை முறையைத் தருகிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அதுவே செல்லும். அப்படி ஒன்றும் இல்லாதபோது, பெறுநர் இன்ன இடத்துக்கு அனுப்பு என்று ஒரு கணினி வளத்தை, அதாவது ஒரு மின்னஞ்சல் முகவரியையோ போர்ட்டலையோ, குறித்துச் சொல்லியிருந்தால், செய்தி அதற்குள் நுழைந்த நேரமே பெறப்பட்ட நேரம். குறித்த இடத்தை விட்டு அவருடைய வேறொரு கணினி வளத்துக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்த்த நேரம்தான் பெறப்பட்ட நேரமாகும். எந்த இடமும் குறிக்கப்படாவிட்டால், அவருடைய கணினி வளத்தில் நுழைந்த நேரமே போதும். நிறுவனம் எச்.ஆர். முகவரியைக் குறித்திருக்க, செய்தி மேலாளரின் சொந்த வாட்ஸ்அப்புக்குப் போனால், மேலாளர் என்ற தனிமனிதர் பார்த்ததை நிறுவனம் பார்த்ததாகக் கொள்ளலாமா என்ற இன்னொரு சிக்கல் முளைக்கிறது. எடுத்துக்காட்டில் வரும் பெண்ணுக்கு இதில் கைகொடுப்பது மேலாளரின் பதில்தான். 'திங்கட்கிழமை பேசலாம்' என்று அவர் எழுதியதிலிருந்தே, வெள்ளிக்கிழமையே அவர் படித்துவிட்டார் என்பதும், போர்ட்டல் பதிவு அவர் கேட்டுக்கொண்டதால் தள்ளிப்போனது என்பதும் வெளிப்படுகின்றன.

நடைமுறையில் இது வழக்குமன்றம் வரை போவதில்லை. அவர் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, வெள்ளிக்கிழமைச் செய்தியின் வரிகளை அதில் அப்படியே எடுத்தெழுதி, மேலாளரையும் நகலில் சேர்த்து, ஏப்ரல் 7 அன்று விடுவிக்கக் கேட்பார். மேலாளர் 'ஆட்சேபமில்லை' என்று ஒரு வரி எழுதினால் மூன்று நாள் விட்டுக்கொடுக்கப்படும். எழுதாவிட்டால் பைஅவுட், அதாவது குறையும் நோட்டீஸ் நாள்களுக்கான சம்பளத்தைப் பிடித்தம் செய்துகொண்டு விடுவிக்கும் முறை, முன்னுக்கு வரும். மாதச் சம்பளம் மொத்தமாக 90,000 ரூபாய் என்றும், நிறுவனம் 30 நாளால் வகுக்கிறது என்றும் கொண்டால் மூன்று நாளுக்கு 9,000 ரூபாய். பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டும் என்று நியமனக் கடிதம் சொல்லி, அது 45,000 ரூபாயாக இருந்தால் 4,500 ரூபாய். வெள்ளிக்கிழமை மாலையில் செய்தியை அனுப்பிவிட்டுக் கடிதத்தைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கும் பழக்கத்தின் விலை இதுதான். வார இறுதியில் மேலாளர் ஆறப்போட்டு யோசிக்கட்டும் என்று வெள்ளி மாலையைத் தேர்ந்தெடுப்பது நல்ல யோசனை என்று அலுவலக நண்பர்கள் சொல்வதுண்டு. வார நாள் ஒன்றின் காலையில் செய்தி, அதே நாள் மாலைக்குள் கடிதம் என்பதே அதைவிடச் சிறந்த வழி. மேலாளர் பேச வேண்டும் என்று கேட்டால், கடிதம் போன பிறகும் பேசலாம்.

பேச்சுக்காகக் கடிதத்தை நிறுத்திவைப்பதில் மூன்று நாள் போவது குறைந்த இழப்பு. ஆண்டு ஊதிய மதிப்பீடு முடியட்டும், இந்த வெளியீடு முடியட்டும் என்று வாரக்கணக்கில் இழுபட்டு, 90 நாள் நோட்டீஸ் உள்ளவர் நடைமுறையில் 120 நாள் கழித்து வெளியேறும் நிலை வந்தால், புதிய நிறுவனம் கொடுத்த பணி வாய்ப்பே காலாவதியாகக்கூடும். அப்படிப்பட்ட வேண்டுகோள் வரும்போது கடிதத்தை அனுப்பிவிட்டு, 'கடைசி வேலைநாளைப் பேசி மாற்றிக்கொள்ளலாம் சார், பதிவு மட்டும் இன்றைய தேதியில் இருக்கட்டும்' என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

விலகுகிறேன், விலக இருக்கிறேன்

செய்தியில் வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது என்பது வெறும் இலக்கணச் செய்தி அல்ல. 'விலகலாமா என்று யோசிக்கிறேன்' என்பது பணிவிலகல் ஆகாது. அது ஆலோசனை கேட்பது. 'நாளையிலிருந்து வரமாட்டேன்' என்பது, கோபத்தில் எழுதப்பட்டதாக இருந்தாலும், நோட்டீஸ் கொடுக்காமல் வேலையைக் கைவிட்டதாக நிறுவனம் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 'முடிவு செய்திருக்கிறேன், இன்று கடிதம் தருகிறேன், இன்ன தேதி கடைசி நாள்' என்ற அமைப்பு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. முடிவு உறுதி என்பதையும், விலகல் எதிர்காலத் தேதி ஒன்றில்தான் நடைமுறைக்கு வரும் என்பதையும் அது ஒருங்கே சொல்கிறது.

எதிர்காலத் தேதியிட்ட விலகலைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் அளித்த தீர்ப்பு ஒன்று இங்கே பொருந்துவது. அதில் விலகியவர் ஒரு நீதிபதியே. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, 1977 மே 7 அன்று குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், தம் விலகல் ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று குறித்திருந்தார். பின்னர் மனம் மாறி, ஜூலை 15 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். கொடுத்த விலகலைத் திரும்பப் பெற முடியாது என்று கோபால் சந்திர மிஸ்ரா என்பவர் வழக்குத் தொடுக்க, உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமோ அதை மாற்றி, எதிர்காலத் தேதியிட்ட விலகலை, சட்டமோ ஒப்பந்தமோ தடுக்காத வரையில், அந்தத் தேதி வருவதற்கு முன் திரும்பப் பெறலாம் என்ற பொதுக் கோட்பாட்டை வகுத்தது. 'இந்திய ஒன்றியம் எதிர் கோபால் சந்திர மிஸ்ரா' என்ற பெயரில் இன்றும் எடுத்தாளப்படும் வழக்கு இது.

கடைசி வேலைநாளைச் செய்தியிலேயே எழுதுவதால் கிடைக்கும் இன்னொரு பயன் இதிலிருந்து விளங்கும். புதிய வேலை கைநழுவிப்போனால் பின்வாங்குவதற்கான காலம் எதுவரை என்பதை அந்தத் தேதியே வரையறுக்கிறது. ஆனால் இந்தக் கோட்பாட்டைப் பெரிதாக நம்பிவிடவும் கூடாது, ஏனெனில் தடுக்காத வரையில் என்ற நிபந்தனை அதிலேயே இருக்கிறது. கொடுத்த விலகலை நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் திரும்பப் பெற முடியாது என்று பல நியமனக் கடிதங்கள் எழுதிவைத்திருக்கின்றன. விமானிகளின் நிலை இன்னும் இறுக்கமானது: நோட்டீஸ் காலம் நடக்கும்போது விலகலைத் திரும்பப் பெற முயன்ற ஒரு பெண் விமானியின் வழக்கில், அந்த நீண்ட நோட்டீஸ் காலம் பொதுநலன் கருதி விமானப் போக்குவரத்து விதிகளால் விதிக்கப்பட்டது என்பதைக் காரணம் காட்டி, உச்ச நீதிமன்றம் 2019இல் அதை ஏற்க மறுத்தது. அரசுப் பணியில் உள்ளவர்களுக்கோ விலகலை உரிய அதிகாரி ஏற்க வேண்டும் என்ற விதி இருப்பதால், அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திக்குத் தகவல் என்பதைத் தாண்டி எந்தப் பொருளும் இல்லை.

நோட்டீஸ் கொடுக்கும் கடமை எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை நீக்கும்போது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும் என்று முதலாளியைத்தான் கட்டுப்படுத்துகிறது. அலுவலக ஊழியர் 60 நாள், 90 நாள் என்று கொடுக்கும் நோட்டீஸ் பெரும்பாலும் அவர் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்திலிருந்தே பிறக்கிறது. தனிப்பட்ட உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றும்படி நீதிமன்றம் ஒருவரைக் கட்டாயப்படுத்தாது என்பதை 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டமும், ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து நியாயமான இழப்பீட்டைத்தான் பெறலாம், அதுவும் ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேல் போகக்கூடாது என்பதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் சொல்கின்றன. ஆகவே 'விலகலை ஏற்கவில்லை' என்று மேலாளர் பதில் எழுதினாலும், ஊழியரைக் கட்டிவைக்கும் வலு அதற்கு இல்லை. நிறுவனத்தின் கையில் உண்மையில் இருப்பவை பிடித்தம் செய்யும் தொகையும், ரிலீவிங் லெட்டர் எனப்படும் விடுவிப்புக் கடிதமும்தான். அடுத்த நிறுவனம் அந்தக் கடிதத்தைக் கேட்கும் என்பதால், சட்டம் தராத பிடியைக் காகிதம் தருகிறது.

எந்தச் செயலியில்

அலுவலகச் செயலியிலா, வாட்ஸ்அப்பிலா என்ற தேர்வில் பலர் வசதியை மட்டுமே பார்க்கிறார்கள். பிற்காலத்தில் அந்தச் செய்தி யார் கையில் இருக்கும் என்பதே பார்க்க வேண்டியது. டீம்ஸ், ஸ்லாக் போன்றவற்றில் நடக்கும் உரையாடல் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. அது அலுவல் சார்ந்தது என்பதில் ஐயம் எழாது, மேலாளர் நிறுவனத்தின் சார்பில் படித்தார் என்று சொல்வதும் எளிது. ஆனால் கடைசி வேலைநாள் மாலையில் கணக்கு மூடப்படும்போது, கணக்குத் தீர்ப்பில் தகராறு வந்தால் எடுத்துக்காட்ட வேண்டிய அந்த வரிகள் ஊழியரின் கைக்கு எட்டாமல் போகின்றன. வாட்ஸ்அப் செய்தி அவர் கைப்பேசியிலேயே தங்கும், ஆனால் அங்கே வேறு ஆபத்துகள் உள்ளன. மறையும் செய்திகள் என்ற அமைப்பை இருவரில் ஒருவர் இயக்கி வைத்திருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ செய்தி தானாக அழிந்துவிடும். 90 நாள் நோட்டீஸ் உள்ளவருக்கு, தேவைப்படும் நேரத்தில்தான் அது காணாமல் போகும். பின்னர் எடுத்துப் பார்க்கும்படி கிடைக்க வேண்டும் என்று 4ஆம் பிரிவு வைக்கும் நிபந்தனையும் அத்தோடு தகர்கிறது. அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தவும் முடியும் என்பதால், தேதியைத் தவறாக எழுதியவர் சத்தமில்லாமல் திருத்துவதைவிட, சரியான தேதியுடன் இன்னொரு செய்தி அனுப்புவதே நம்பகமானது.

படம்பிடித்து வைத்த திரைக்காட்சியே போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மனிதவளத் துறையுடனான பேச்சுக்கு அது பெரும்பாலும் போதும்; வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழைக் கேட்கிறது. இத்தனை சிரமத்தையும் தவிர்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. முறையான மின்னஞ்சலின் முதல் வரியிலேயே 'இன்று காலை 10.15 மணிக்குத் தங்களுக்குச் செய்தியில் தெரிவித்தபடி' என்று தொடங்கி, நிறுவனக் கொள்கை தடுக்காவிட்டால் நகலைத் தம் சொந்த முகவரிக்கும் சேர்த்துவிட்டால், செய்தியின் நேரமும் அதன் சாரமும் கடிதத்துக்குள் வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு உரையாடல் அழிந்தாலும் பெரிய நட்டமில்லை.

குழு உரையாடலில் இச்செய்தியை இடுவதும், சக ஊழியர்களுக்கு முதலில் சொல்லிவிட்டு மேலாளருக்குப் பிறகு அனுப்புவதும் செய்தியின் நோக்கத்தையே கெடுப்பவை. இவற்றை விளக்க வேண்டியதில்லை. புதிய நிறுவனத்தின் கையெழுத்திட்ட பணி ஆணை கைக்கு வருவதற்கு முன், வாய்மொழி உறுதியை நம்பி அனுப்புவது மட்டும் தனியே சொல்லத்தக்க தவறு. நோட்டீஸ் நாள்களை எழுதி அனுப்பிய அந்த நொடியிலிருந்து மேலாளர் மாற்று ஆளைத் தேடத் தொடங்குகிறார். அந்த இடம் நிரம்பிய பின் விலகலைத் திரும்பப் பெறும் உரிமை இருந்தாலும், அமர்வதற்கு இருக்கை இருக்காது.

கடைசி வேலைநாள் என்ற ஒரு தேதியை ஆதாரமாகக் கொண்டே எஃப் அண்ட் எஃப் எனப்படும் இறுதிக் கணக்குத் தீர்ப்பும் நடக்கிறது. இதைக் கடைசி நாளிலிருந்து 30 அல்லது 45 நாளுக்குள் முடிப்பதாகப் பல நிறுவனங்களின் கொள்கை சொல்லிவந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, 2019ஆம் ஆண்டின் ஊதியங்கள் தொகுப்புச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், வேலையிலிருந்து விலகியவருக்கு உரிய ஊதியத்தை இரண்டு வேலைநாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. அதன்படி, ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை விடுவிக்கப்படும் சோழிங்கநல்லூர் ஊழியருக்கு ஊதிய பாக்கி ஏப்ரல் 9, வியாழக்கிழமைக்குள் கிடைத்தாக வேண்டும்.